சமநிலை என்று எழுதிய மனிதர்

இராசதுரை அண்ணை இறந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு மாலைப்பொழுதுதான்.

அவர் ஒஸ்லோவில் பதினெட்டு வருடம் பேருந்து ஓட்டியவர். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓட்ட முடியாமல் போனது. வேலையற்றோரைக் கவனிக்கும் நாவ் அலுவலகம் ஒன்றரை வருடம் அவரைப் படிவங்களோடு அலையவைத்த பிறகு, ஹெல்ஸ்ஃபீரில் இருந்த எங்கள் நிறுவனத்துக்கு அனுப்பியது. விளையாட்டு முடிவுகளை ஆறு வெளிநாட்டுப் பந்தய நிறுவனங்களுக்கு விற்பதே எங்கள் தொழில். நாங்கள் அனுப்பும் முடிவைப் பார்த்துத்தான் அந்த நிறுவனங்கள் பந்தயம் கட்டியவர்களுக்குப் பணம் கொடுக்கும். கால்பந்தை எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள். கிரிக்கெட் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அண்ணை யாழ்ப்பாணத்தில் கல்லூரி ஆட்டங்களுக்குப் புள்ளிப் புத்தகம் எழுதியவர். அது போதும் என்று எடுத்தார்கள்.

வேலையில் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அனுப்பிய முடிவு பிழையென்று தெரிந்தால் எல்லாவற்றையும் திருப்பிக் கணக்குப் பார்க்க வேண்டும், கொடுத்த பணத்தைப் பறிக்க வேண்டும், ஆட்கள் கத்துவார்கள். அப்படி மூன்று முறை நடந்தால் நிரந்தரம் கிடையாது. அண்ணைக்கு இரண்டு ஆகிவிட்டது. முதலாவது, மழையால் ஓவர்கள் குறைந்த ஓர் ஆட்டம். மற்றது, ஒரே பெயரில் இரண்டு ஆட்டக்காரர்கள் இருந்ததால் வந்தது. தகுதிகாண் காலம் வெள்ளிக்கிழமை முடிகிறது. நான் சொல்லும் ஆட்டம் புதன்கிழமை.

அன்று அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை.

"அண்ணை, புட்டு ஆறுது," என்றேன்.

"ஆறட்டும் உதயா. எனக்கு இப்ப தொண்டைக்குள்ளாலை ஒண்டும் இறங்காது."

ஆசிய லீக் ஒன்றின் அரையிறுதி. சிவப்புச் சட்டை அணியும் நீலச் சட்டை அணியும். முதலில் ஆடிய நீலம் இருபது ஓவரில் 167. சிவப்பு கடைசிப் பந்தில் ஒரு ஓட்டம் எடுத்து, அதுவும் 167. சமநிலை. பத்து நிமிடத்தில், வெற்றியைத் தீர்மானிக்க அணிக்கு ஒரு ஓவர் ஆடும் சுப்பர் ஓவர் தொடங்கியது. இரண்டாவதாக ஆடிய அணிதான் அதில் முதலில் ஆடும். சிவப்பு ஆறு பந்தில் பதினான்கு. நீலம் ஒன்பது. முடிந்தது.

அண்ணை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிவத்தை நிரப்பினார். மொத்த ஓட்டங்கள்: இருபது ஓவரோடு நிற்கும். கூடிய ஓட்டம் எடுத்தவர்: நீலத்தின் 61. சிவப்பின் தொடக்க ஆட்டக்காரர் 58 எடுத்துவிட்டு, சுப்பர் ஓவரில் இன்னும் 11 அடித்திருந்தார்.

"இதைக் கூட்டினா அறுபத்தொன்பது. இவன்தான் மேலை," என்றேன் நான்.

"கூட்டக் கூடாது. சுப்பர் ஓவர் ஓட்டம் ஒருத்தற்றை பேரிலையும் ஏறாது. இதிலைதான் பிழை விடுவினம், நான் விடமாட்டன்." அந்த மாலையில் முதல் தடவையாக அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

பிறகு 'முடிவு' என்ற கட்டத்தில் 'சமநிலை' என்று போட்டார். குறிப்பில், சுப்பர் ஓவர் சிவப்புக்கு என்று எழுதினார். இரண்டாவது ஆள் உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி. நான் அந்த லீக்கின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அங்கும் 'ஆட்டம் சமநிலை. சுப்பர் ஓவரில் சிவப்பு வெற்றி' என்றே இருந்தது. உறுதிசெய்யும் பொத்தானை அழுத்திவிட்டேன். முடிவு வெளியே போக இன்னும் பத்து நிமிடம். அதற்குள் திரும்ப எடுத்தால் பிழையாகக் கணக்கில்லை.

எங்கள் மேற்பார்வையாளர் யூலியன் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றான். கிரிக்கெட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதே அவனுக்குத் தெரியாது. தொலைக்காட்சியைப் பார்த்து நோர்வேஜிய மொழியில் கேட்டான்.

"ராசா, ஒருவரும் வெல்லவில்லை என்றுதானே போட்டிருக்கிறாய்? அப்படியென்றால் இந்தச் சிவப்பு ஆட்கள் ஏன் துள்ளுகிறார்கள்?"

அண்ணை தொலைக்காட்சியைப் பார்த்தார். பிறகு தான் நிரப்பிய படிவத்தைப் பார்த்தார்.

எனக்கும் அப்போதுதான் பிடிபட்டது. புள்ளிப் புத்தகத்தில் அது சமநிலை ஆட்டம். அண்ணை வாழ்நாள் முழுக்க எழுதிய முறையில் அதுவே சரி. ஆனால் 'யார் வெல்வார்' என்று பந்தயம் கட்டியவனுக்கு சுப்பர் ஓவர் முடிவுதான் முடிவு. நாங்கள் அனுப்பியபடி போனால், சிவப்பில் கட்டியவனுக்கு வென்ற பணம் கிடையாது. சில நிறுவனங்கள் கட்டின காசைத் திருப்பிக் கொடுக்கும்; சில பாதிப் பந்தயத்தை வென்றதாகவும் மற்றப் பாதியைத் தோற்றதாகவும் கணக்குப் பார்க்கும். இரண்டுமே பிழை.

திரையில் ஆறு நிமிடம் நாற்பது வினாடி மிச்சம்.

"மாத்துவம் அண்ணை. கெதியா!"

அவர் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே நின்றன. "நில்லுங்கோ. விதியை எடுங்கோ. ஆறு பேரின்ரையும்."

ஆறு நிறுவனங்களின் விதிகளும் வேறுவேறு கோப்புகளில். நான் ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தேன். முதலாவது, சுப்பர் ஓவர் சேரும். இரண்டாவதும் சேரும். ஐந்து வரை அப்படியே. நான்கு நிமிடம்.

"போதும், எல்லாவற்றையும் சிவப்பு என்று மாற்று," என்றான் யூலியன். அவன் குரலும் மாறியிருந்தது. "ஒரே சொடுக்கு. என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய்?"

"ஆறாவது," என்றார் அண்ணை.

ஆறாவது நிறுவனம் இந்த ஆட்டத்துக்கு மூன்று தெரிவு வைத்திருந்தது: சிவப்பு, நீலம், சமநிலை. சமநிலையையே ஒரு தெரிவாக வைத்து ஆட்கள் கட்டியிருந்தார்கள். அங்கே இருபது ஓவரோடு கணக்கு முடிந்தது. சுப்பர் ஓவர் சேராது. சமநிலை என்று கட்டியவனே அங்கு வென்றவன்.

"ஒரு ஆட்டத்துக்கு இரண்டு முடிவா?" யூலியன் சிரித்தான், பயத்தில். "ராசா, விளையாடாதே. ஆறாவது பிழையாகப் போனால் உனக்குத்தான் மூன்றாவது பிழை."

"தெரியும்," என்றார் அண்ணை. அவர் நெற்றி நனைந்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "உதயா, நான் பிடிவாதத்திலை சொல்லுறனோ? முந்தி சமநிலை எண்டு போட்டிட்டன் எண்டதுக்காக, பாதியாவது சரியாக்கோணும் எண்டு நிக்கிறனோ? உண்மையைச் சொல்லுங்கோ."

நான் அந்த விதியை மறுபடி வாசித்தேன். கண் எழுத்தில் நிற்க மறுத்தது.

"இல்லை அண்ணை. அப்பிடித்தான் கிடக்கு."

"அப்ப அதைத் தொடாதேங்கோ."

திரும்ப எடுத்தோம். ஐந்துக்கு 'சிவப்பு'. ஆறாவதற்கு 'சமநிலை'. ஆட்டம் சமநிலையாகுமா என்று தனியாகக் கட்டியவர்களுக்கு, எல்லா நிறுவனத்திலும் 'ஆம்'. நான் உறுதிசெய்தபோது ஐம்பது வினாடி மிச்சம். யூலியனின் காப்பி மேசை விளிம்பில் ஆறிக்கிடந்தது.

நிறுவனங்கள் அனுப்பும் முறைப்பாட்டுப் பட்டியல் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வரும். வியாழன் அண்ணைக்கு ஓய்வு நாள். எட்டு மணிக்கு நான் வந்தபோது அவர் கதவுக்கு வெளியே நின்றார். வீடு இருக்கும் அம்மருட்டிலிருந்து முதல் ரயிலில் வந்திருக்கிறார். முழங்காலைப் பிடித்தபடி நிற்கும் விதத்தில், இரவு படுக்கவில்லை என்று தெரிந்தது.

"வீட்டிலை இருந்திருக்கலாமே அண்ணை."

"இருந்தனான். சுவரைப் பாத்துக்கொண்டு. மனுசி ஏசித் துரத்திவிட்டவ."

ஒன்பது மணிக்குப் பட்டியல் திறந்தது. நான் மேலிருந்து கீழே தேடினேன். டென்னிஸ் ஒன்று, பனி ஹொக்கி இரண்டு. அந்த ஆட்டத்தின் பெயர் எங்குமில்லை.

"ஒண்டுமில்லை அண்ணை."

"ஆறாவது?"

"ஆறாவதிலையும் இல்லை."

"வடிவாப் பாருங்கோ."

மறுபடி பார்த்தேன். அவரும் என் தோளுக்கு மேலால் குனிந்து, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் பார்த்தார். கடைசி வரியில் விரல் நின்றது. பிறகு கதிரையில் அமர்ந்து, முதல்நாளிலிருந்து பையிலேயே கிடந்த சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துத் திறந்தார்.

"பழுதாப்போயிருக்கும் அண்ணை, எறியுங்கோ."

"கொஞ்சம் புளிச்சிருக்கு," என்று முகர்ந்து பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.