வாழைக்காய்க் குழம்பில் ஒரு பிழை

சுன்னாகத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக் காரியாலயத்தில் நான் களஞ்சியப் பொறுப்பாளராக இருக்கிறேன். வீடு உரும்பிராயில். இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாரி மழை பிடித்த ஒரு காலையில்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் காரியாலயத்தில் எந்தக் கடிதம் வெளியே போவதென்றாலும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். யாரும் கேட்டு நான் செய்யத் தொடங்கிய வேலையில்லை அது. எழுத்துப் பிழையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவேன். சங்கத் தலைவர் எழுதிய வாழ்த்துரையில்கூட ஏழு இடத்தில் சுழித்துக் கொடுத்திருக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் என்னை 'ரீச்சர்' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தக் காலையில் என் அம்மா இறந்துபோனார். எழுபத்தெட்டு வயது. முதல்நாள் இரவு மூச்சு முட்டுகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்; விடியும்போது அம்மா இல்லை. வீட்டுக்கு வந்து, முற்றத்தில் பந்தல் போட ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரம், மடியில் கிடந்த தொலைபேசி அதிர்ந்தது. திறக்கவில்லை. மூடிய திரையின் மேலேயே முழுச் செய்தியும் தெரிந்தது.

"அக்கா ஆர்ஐபி. வயசு போன ஆள்தானே, கிடையிலை கிடக்காமல் போனது நல்லது. கவலைப்படாதேங்கோ. ஸ்டோர் திறப்பு எங்கை வைச்சனீங்கள்? ஓகே, போட்டு வாறன்."

எழுதியவன் எங்கள் காரியாலயத்தில் என்னோடு வேலை செய்யும் குருநகர்த் தம்பி. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை, தங்கமான குணம். ஆனால் விரல் மூளைக்கு முன்னால் ஓடும். 'வயசு போன ஆள்தானே' என்ற இடத்தில் எனக்கு நெஞ்சில் குத்தியது. வயது போனால் என்ன, எனக்கு இருந்தது அந்த ஒரு அம்மாதானே? நடுவில் களஞ்சியச் சாவியையும் கேட்டு, கடைசியில் 'போட்டு வாறன்' வேறு. செத்த வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது யாரும் 'வாறன்' என்று சொல்வதில்லை, பேசாமல் எழும்பிப் போய்விடுவார்கள். இவன் செத்த வீட்டுக்கு எழுதிய செய்தியிலேயே அதைச் சொல்லிவிட்டான்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் செய்தி மறைந்தது. திறந்து பார்த்தால், 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே அவன் எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. திரும்ப எழுதினான். திரும்ப நின்றது. எனக்கு அழுகையோடு அழுகையாக, 'உவன் என்னதான் எழுதப் போறான்?' என்று ஒரு எண்ணமும் வந்தது. பிறகு சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். தொலைபேசியை மறந்துவிட்டேன்.

மத்தியானம் போல எடுத்துப் பார்த்தேன். இது இருந்தது:

"அக்கா, அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டன். என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை. போன வருசம் நாங்கள் உங்கடை வீட்டிலை சாப்பிட வந்த அண்டைக்கு அம்மா எனக்கு வாழைக்காய்ப் பொரிச்ச குழம்பைத் திரும்பத் திரும்ப விட்டவ. மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கினது அண்டைக்குத்தான். அம்மான்ரை கைப்பக்குவத்தையும், நல்லாயிருக்கு எண்டு நான் சொல்ல அவ சிரிச்ச சிரிப்பையும் மறக்கமாட்டன். பின்னேரம் எங்கடை கோயிலிலை அம்மாவுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துவன். இரவு உங்கடை தங்கச்சி கொழும்பாலை வாற ரெயினுக்குச் சுன்னாகம் ஸ்டேசனிலை ஓட்டோவோடை நிப்பன். வேண்டாம் எண்டால் மட்டும் சொல்லுங்கோ. மற்றும்படி இதுக்குப் பதில் போடவேண்டாம்."

என் சிவப்புப் பேனா கண்ணுக்குத் திருத்த ஒன்றும் அகப்படவில்லை. அன்று முழுக்க வந்த எல்லாச் செய்திகளிலும் அம்மா 'தாயார்' ஆகவும் 'அன்னார்' ஆகவும் இருந்தார். இதில் மட்டும்தான் அகப்பையோடு நின்று சிரித்தார். அவன் சொன்னபடியே இரவு தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து வாசல் படலையடியில் இறக்கிவிட்டுப் போனான். அடுத்தநாள் செத்த வீட்டுக்குக் காரியாலயத்து ஆட்களோடு வந்தபோது என் முகத்தைப் பார்க்காமலே ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான்.

அப்போதுதான் களஞ்சியத் திறப்பு ஞாபகம் வந்தது. அது என் கைப்பைக்குள்ளேயே கிடந்தது! எங்கள் காசாளரைக் கூப்பிட்டு, "இந்தாங்கோ, தம்பி கேட்ட திறப்பு" என்று கொடுத்தேன். காசாளர் என் வயதுக்காரி, நெருங்கிய சிநேகிதி. திறப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயோ, அப்ப நீங்கள் அந்த முதல் மெசேச்சைப் பார்த்திட்டியளோ?"

ஓம் என்று தலையாட்டினேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவின் இறுதிச் சடங்கு முடிந்தது. ஆனால் வீட்டில் இன்னொரு பயம் தொடங்கியது. அப்பா பேசவில்லை. அழவும் இல்லை. சாய்மனைக் கதிரையில் இருந்து படலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சீனி வருத்தக்காரர், நீரிழிவு. சாப்பிடாமல் மருந்துக் குளிசை போடக்கூடாது, குளிசை போடாமலும் இருக்கக்கூடாது. அயல் வீடுகளில் இருந்து வந்த சாப்பாடு வந்தபடியே ஆறிப்போய்த் திரும்பியது. வெறும் தேத்தண்ணீரில் இரண்டு நாள் ஓட்டிவிட்டார். தங்கை கெஞ்சிப் பார்த்தாள். நான் கோபித்துப் பார்த்தேன். மருத்துவர், இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் மறித்து வைத்திருக்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டார். அம்மா போன அதே ஆஸ்பத்திரிக்கு அப்பாவையும் கொண்டுபோவதா?

மூன்றாம் நாள் மத்தியானம், வேறு வழி தெரியாமல், வந்த அனுதாபச் செய்திகளை அப்பாவுக்கு வாசிக்கத் தொடங்கினேன். லண்டன், கனடா, பிரான்ஸ் என்று எல்லா இடத்திலிருந்தும் ஆழ்ந்த அனுதாபம் வந்திருந்தது. அப்பாவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. குருநகர்த் தம்பியின் செய்திக்கு வந்தேன். வாழைக்காய்ப் பொரிச்ச குழம்பையும் அம்மாவின் கைப்பக்குவத்தையும் வாசித்தேன்.

"ஆற்றை கைப்பக்குவம்?"

நான் திடுக்கிட்டுப் போனேன். அப்பாவின் குரல்.

"அம்மான்ரை..." என்றேன்.

"கொம்மாவின்ரையோ? அண்டைக்குக் குழம்பு வைச்சது நான்!"

அப்பா கதிரையில் நிமிர்ந்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது.

"அவவுக்கு அண்டைக்கு இடக்கை சுளுக்கு. தேங்காய் திருவேலாது, வாழைக்காய் சீவேலாது. நீ கந்தோருக்கு வேலைக்குப் போட்டாய். நான்தான் சீவி, பொரிச்சு, பால் பிழிஞ்சு, எல்லாம் செய்தனான். 'பிள்ளையின்ரை கந்தோர் ஆக்கள், சொல்லிப்போடாதேங்கோ, எனக்கு வெக்கமாக் கிடக்கு' எண்டவ. நானும் பேசாமல் இருந்தன். பிறகு உந்தப் பொடியன் புகழப் புகழ, தான் வைச்ச மாதிரி நிண்டு சிரிக்கிறா! அண்டைக்கு இரவு கேட்டன், ஏன் சிரிச்சனீர் எண்டு. 'நீங்கள் வைச்சாலென்ன, நான் வைச்சாலென்ன, பேர் வீட்டுக்குத்தானே' எண்டா. கள்ளி!"

'கள்ளி' என்று சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்தது. அப்பா சிரித்தார், அழுதார், இரண்டும் ஒன்றாகவே வந்தது. தங்கையும் நானும் அவருடைய கால்மாட்டில் இருந்து சிரித்துச் சிரித்து அழுதோம். வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்தார்கள்.

நான் ஓடிப்போய் இடியப்பமும் சொதியும் போட்டுக்கொண்டு வந்தேன். அம்மாவின் கள்ளத்தனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அப்பா சாப்பிட்டார். சொதியில் உப்புக் காணாது என்று குறையும் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குக் கோயில் மணி கேட்டது போல இருந்தது. பிறகு குளிசையைத் தானாகவே கேட்டு வாங்கிப் போட்டார்.

வேலைக்குத் திரும்பியபோது அந்தச் செய்தி பிறந்த கதையைக் காசாளர் சொன்னார். தம்பி முதல் செய்தியை அனுப்பிவிட்டு அவரிடம்தான் காட்டியிருக்கிறான். அவர் தலையில் கைவைத்து, "கடவுளே, முதல்லை உந்த மெசேச்சை அழியும்!" என்று சத்தம் போட்டிருக்கிறார். பிறகு இரண்டு பேரும் மேசையில் இருந்து சண்டை.

வயதைப் பற்றிய வசனத்தை வெட்டச் சொன்னது காசாளர். "இழப்பு எவ்வளவு எண்டு அளந்து சொல்ல நாங்கள் ஆர்?" என்றாராம். 'கவலைப்படாதேங்கோ' என்பதை அவனே வெட்டினான். திறப்புக் கேட்ட வரியை இருவரும் ஒரே நேரத்தில் வெட்டினார்கள். காசாளர், 'தங்கள் தாயாரின் பிரிவால் ஆறாத்துயரில்' என்று தொடங்கச் சொல்ல, "அது மதிலிலை ஒட்டுற நோட்டீஸ். நான் எழுதினதெண்டு அக்கா நம்பமாட்டா" என்றிருக்கிறான். ஆத்மா சாந்தியடைய என்று போடுவதா, தங்கள் கோயில் வழக்கத்தில் நித்திய இளைப்பாற்றி என்று போடுவதா என்று அதிலும் இழுபறி. கடைசியில், தான் உண்மையாகச் செய்யப்போவதை மட்டும் எழுதுவோம் என்று மெழுகுதிரியில் வந்து நின்றிருக்கிறான். 'என்ன உதவி வேணுமெண்டாலும் கேளுங்கோ' என்ற வரியும் இருந்ததாம். "செத்த வீட்டிலை இருக்கிற மனுசி எங்கை உங்களிட்டைக் கேக்கப்போறா? செய்யிறதைச் சொல்லும்" என்று காசாளர் சொல்லத்தான் ரயிலும் ஓட்டோவும் வந்தன. அம்மாவைப் பற்றித் தான் கண்ணால் கண்ட ஒன்றாவது இருக்கவேண்டும் என்று குழம்பைக் கொண்டுவந்தது அவன்.

இவ்வளவு வெட்டியும் திருத்தியும், அந்தக் குழம்பில் பிழை விட்டுவிட்டார்கள்!

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வெளியில் சமையலுக்கு ஆள் பிடித்திருந்தோம். ஆனாலும் அப்பா விடியவே எழும்பித் தன் கையால் ஒரு சட்டி வாழைக்காய்ப் பொரிச்ச குழம்பு வைத்தார். குருநகர்த் தம்பியைப் பந்தியில் முதல் ஆளாக இருத்தி, தானே விட்டார். அப்பா உடைத்த குழம்பு இரகசியத்தை நான் காசாளரிடம் சொல்ல, அவர் அதற்குள் அவனுக்கும் சொல்லியிருந்தார். அவன் ஒரு வாய் வைத்தான். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எப்பிடித் தம்பி?" என்று கேட்டார் அப்பா.

அவன் நிமிர்ந்து, மாலை போட்டிருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தான்.

"அம்மா, அண்டைக்கு மாதிரியே நல்லாயிருக்கு!"

"உவனைப் பாரன்!" என்று அப்பா அகப்பையை ஓங்கினார். பந்தி முழுக்கச் சிரித்தது. படத்தில் அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், செய்யாத குழம்புக்குப் பேர் வாங்கிக்கொண்டு.

அந்தச் செய்தி இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. ஊரார் எழுத்தெல்லாம் திருத்துகிற நான், என் அப்பாவை எனக்குத் திருப்பித் தந்த அந்த ஒரு பிழையை மட்டும் உயிருள்ளவரை திருத்தப்போவதில்லை.