வியாழன் நாலு மணி

ஆபீசில் ப்ரோஷர்களை அச்சுக்கு அனுப்பும் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டக்கா. பதினொரு வருடமாக அதே வேலை, அதே கோபம். இந்த முறையும் எல்லோருக்கும் மெயில் போட்டார்:

“ப்ரோஷர் வாசகம் வியாழன் மாலை நாலு மணியோடு பூட்டப்படும். பிறகு யாரும் ஒரு கமாவைக்கூடத் தொடக் கூடாது. இறுதி ஒப்புதல் விற்பனை மேனேஜருடையது, அதே நாலு மணிக்குள். வெள்ளி பத்து மணிக்கு ஃபைல் அச்சகத்துக்குப் போகும்.”

மேனேஜர் மூன்றரைக்கே ‘ஒப்புதல்’ என்று பதில் அனுப்பிவிட்டார். வெள்ளி ஒன்பதரைக்கு அக்காவின் மேசைக்கு வந்து நின்றார்.

“முதல் பக்கத்துல ‘சிறந்த சேவை’ன்னு இருக்கு. ‘மிகச் சிறந்த’ன்னு மாத்திடும்மா. ரெண்டு நிமிஷ வேலை.”

“நேத்து படிச்சுட்டுத்தானே ஒப்புதல் கொடுத்தீங்க?”

“எங்க படிச்சேன்? நீ பாத்திருப்பேன்னு விட்டுட்டேன்.”

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. “அப்ப ஆறு பேர் ஒரு வாரமா எதுக்கு மாரடிச்சோம்? சரி, மாத்தறேன். ‘படிக்காம ஒப்புதல் கொடுத்துட்டேன், வாபஸ் வாங்கறேன்’னு எல்லாருக்கும் ஒரு மெயில் போடுங்க. அதுவும் ரெண்டு நிமிஷ வேலைதான்.”

மேனேஜர் அந்தப் பக்கத்தை எடுத்து, முதல் தடவையாக, முழுக்கப் படித்தார்.

“சிறந்தன்னாலே போதும்மா,” என்றார்.