கூண்டுக்குள் ஒரு நாற்றம்

கட்டட வேலைத்தளத்தில் அவருக்குக் கழுகு என்று பெயர். கோபுரக் கிரேனின் உச்சியில், ஓர் ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டில் வேலை. கீழே நின்று வாக்கி டாக்கியில் அவருக்குத் திசை சொல்பவன் மனைவியின் தம்பி.

ஒருநாள் கம்பிக்கட்டு சங்கிலியிலிருந்து நழுவி அந்தத் தம்பியின் காலடியில் விழுந்தது. மயிரிழையில் தப்பினான். கழுகுக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. சாப்பாடும் இறங்கவில்லை. மேலே தண்ணீர் குடித்தால் சிறுநீர் கழிக்க ஏணி இறங்க வேண்டும். இறங்கினால் வேலை நிற்கும், இன்ஜினியர் கத்துவார். மாற்று ஆளும் கிடையாது. டீ, பிஸ்கட், சிகரெட் என்று நாள் ஓடியது.

பிறகு கூண்டுக்குள் நாற்றம் கிளம்பியது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று இருக்கைக்கு அடியில் தேடினார். எச்சில் ரத்தமாக வந்தபோதுதான் நாறுவது தன் வாய் என்று தெரிந்தது. ஈறு நெருப்பாய் எரிந்தது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

"மாமா, வாயத் தொறந்து பேசுங்க! நீங்க சொல்றது ஒண்ணும் புரியல. இப்படியே பேசுனீங்கன்னா இன்னொரு கட்டும் விழும்!" என்று வாக்கி டாக்கியில் கத்தினான் மைத்துனன்.

அந்தச் சொல் கழுகைச் சுட்டது. கிரேனை நிறுத்திவிட்டு இறங்கினார். மைத்துனனே பல் மருத்துவமனைக்கு அழைத்துப்போனான்.

டாக்டரம்மா முகம் சுளிக்காமல் பார்த்தார். பற்களுக்கு நடுவே கூராக நிற்க வேண்டிய ஈறு, கிள்ளி எடுத்ததுபோல் குழிந்து, மேலே சாம்பல் நிறத்தில் படலம் படிந்திருந்தது. தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது.

"தொத்துமா டாக்டர்? வீட்ல கொழந்தைங்க இருக்கு."

"தொத்தாது. இந்தக் கிருமி எல்லார் வாயிலயும் கொஞ்சம் இருக்கறதுதான். தூக்கமில்ல, சத்தில்ல, மனசுல பாரம், கூட சிகரெட்டு. ஒடம்பு எதிர்த்து நிக்க முடியாம போனதும் அது ஈறத் தின்னுது."

மரத்துப்போகும் மருந்தைத் தடவி, படலத்தையும் பல்லில் இறுகியிருந்த காரையையும் மெதுவாக அகற்றினார். வலி தாங்காத இடத்தை அடுத்த முறைக்கு விட்டார். கொப்பளிக்க மருந்து தந்தார். காய்ச்சல் இருந்ததால் மாத்திரையும். அது முடியும்வரை மது தொடக்கூடாது என்றார். எதிர்ப்புச் சக்தி குறைய வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார்.

"சிகரெட்ட விடுங்க. நல்லா சாப்பிடுங்க, தூங்குங்க."

"எங்க டாக்டர் தூங்க? கண்ண மூடுனா கட்டு விழுது."

டாக்டரம்மா எழுதிய சீட்டை அவரிடம் நீட்டினார். "அதையும் யார்கிட்டயாவது சொல்லணும். இல்லன்னா புண்ணு ஆறியும் திரும்ப வரும்."

சில நாளிலேயே வலி அடங்கியது, ரத்தம் நின்றது. பரிசோதனையில் வேறு குறை இல்லை. குழிந்த ஈறு மட்டும் முழுதாக வளரவில்லை. பல்லிடுக்கில் கறுத்த சந்துகள் தங்கிவிட்டன.

மாற்று ஆள் கேட்டார். "பாக்கலாம்" என்றார் இன்ஜினியர். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார். மதியத்தில் மட்டும் யார் கத்தினாலும் கழுகு கிரேனை நிறுத்திவிட்டு இறங்கி, மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அன்று சங்கிலி நழுவியதைப் பற்றி இருவரும் இன்னும் பேசவில்லை. தட்டு காலியானதும் ஏணியை அண்ணாந்து பார்த்து, ஏறத் தொடங்குகிறார்.