பள்ளிக்கூட வாசலில் மூடியில்லாத கால்வாய்

கள்ளக்குறிச்சியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். பஸ் போர்டையே நிறம் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். அப்படிப்பட்ட நான் நகராட்சிக்கு மனு கொடுக்கப் போனேன் என்றால், பயம்தான் காரணம்.

என் மகள் படிக்கும் ஆரம்பப் பள்ளியின் வாசலை ஒட்டிச் சாக்கடைக் கால்வாய் ஓடுகிறது. அது அடைத்துக்கொண்டு, மழைத்தண்ணீரும் சேர்ந்து, தெருவெல்லாம் ஒரே குளம். கால்வாயின் சிமெண்டுப் பலகை ஒன்று உடைந்து உள்ளே விழுந்திருந்தது. எந்த இடத்தில் என்று கறுப்புத் தண்ணீருக்குள் தெரியவில்லை. காலையில் மகளைத் தோளில் தூக்கிப்போய் விடுவேன். சாயங்காலம் சவாரியில் இருப்பேன். அவள் தானாகத்தான் வரவேண்டும்.

நகராட்சி வாசலில் மனு எழுதுகிறவர், ஆணையர் பெயருக்கு எழுதிக்கொண்டே கேட்டார்.

"பொருள்னு இன்னா போடட்டும்?"

"எம் பொண்ணு வுழுந்துடும்னு போடுங்க."

"அடைப்பு நீக்கக் கோருதல்னு போடறேன். உன் பயத்தக் கீழ எழுதறேன். கையெழுத்து?"

"கைநாட்டுதாங்க. ஆனா நல்லா போடுவேன்."

வீட்டுக்குக் கொண்டுபோனேன். நல்ல காரியமாயிற்றே என்று மனைவி நாலு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மறுநாள் தபால் பிரிவு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்குங்க கல்யாணம்?"

"கால்வாய்க்குங்க."

சிரித்துக்கொண்டே பிரித்தவர், படிக்கப் படிக்கச் சிரிப்பை விட்டுவிட்டார். என் நகலில் சீல் குத்திக் கொடுத்து, துப்புரவு ஆய்வாளருக்கு அப்போதே போன் போட்டார்.

சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. பள்ளி விடும் நேரம். ஆள் நிறைந்த ஆட்டோவை பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் பள்ளிப் பக்கம் திருப்பினேன்.

"யோவ், எங்கய்யா இட்டுக்கினு போற?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா கத்தினார். ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினேன்.

பள்ளி கேட்டைச் சாத்தி, பிள்ளைகளை உள்ளேயே நிறுத்தியிருந்தார் துப்புரவு ஆய்வாளர். பணியாளர்கள் இரண்டு பேர் மேலே நின்றபடியே நீளக் கொக்கியால் சாக்குகளையும் பிளாஸ்டிக்கையும் இழுத்துப் போட்டார்கள். திடீரென்று தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. குழி தெரிந்தது. கேட்டுக்கு நேர் எதிரே, பிள்ளைகள் முதல் அடி வைக்கும் இடத்தில்.

கேட்டுக்குள் மகள் எங்கே என்று தேடினேன்.

"அடைப்பு என் வேலை, முடிஞ்சிச்சு. பலகை போடறது இன்ஜினியர் செக்ஷன். நானும் எழுதி அனுப்பறேன், நீங்களும் இன்னொரு மனு குடுத்துடுங்க" என்றார் ஆய்வாளர். அதுவரைக்கும் என்று குழியைச் சுற்றித் தடுப்பு வைத்துக் கயிறு கட்டினார்கள்.

மகள் வெளியே வந்து எட்டிப் பார்க்கப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதுப்பா, வுடுப்பா."

விடவில்லை. ஆட்டோவில் காத்திருந்தவர்கள் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதும் விடவில்லை.