திறக்காத கதவு

கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் போர்டுக்கடையில் அவருக்கு 'நேர்கோடு' என்று பட்டப்பெயர். வாடிக்கையாளரின் கட்டடப் படத்தில், வரப்போகும் போர்டை முன்கூட்டியே ஒட்டிக் காட்டுவதுதான் வேலை. சாய்ந்து ஓடும் சுவரின் செங்கல் வரிகளைத் திரையில் நீட்டுவார். படத்தைத் தாண்டி எங்கோ அவை ஒரு புள்ளியில் கூடும். போர்டின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் அதே புள்ளியை நோக்கினால்தான் போர்டு சுவரில் உட்காரும் என்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தலின் புள்ளியைத் தேடுகிற மனுஷன்.

வீட்டில் மட்டும் அந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை. மனைவி தையல்காரி. துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் அவள் மாமியாரின், அதாவது அவருடைய அம்மாவின், கட்டிலைத் தாண்டித்தான் போகவேண்டும். தெருப்பக்கச் சுவரில் கதவு வைத்தால் தையல் அறை கடையாகிவிடும். ஆனால் வீடு அம்மாவுடையது. "என் புருஷன் கட்டின சுவரு" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"படமாப் போட்டுக் காட்டுங்களேன். பார்த்தா மனசு மாறும்," என்றாள் மனைவி. இது கைகூடாவிட்டால் தையலையே விட்டுவிடுவதாகவும் சொல்லிவிட்டாள்.

அவர் வீட்டை ஓரமாக நின்று படமெடுத்து, பாதி திறந்த கதவு ஒன்றை வைத்தார். சுவரின் புள்ளிக்கே எல்லாக் கோடுகளையும் இழுத்து, அச்செடுத்து நீட்டினார். அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"மூடித்தானேடா இருக்கு? மூடி வைக்கவா சுவரை உடைக்கணும்?"

மனைவியின் முகம் தொங்கிப்போனது. அவருக்கோ மானம் கப்பலேறியது. இத்தனை வருஷமும் சுவரோடு ஒட்டிய போர்டுகளையே வைத்துப் பழகிய கை! நிலைச்சட்டம் சுவரோடு போகும். திறந்த கதவு வேறு பக்கம் திரும்பி நிற்பது, அதற்கு வேறு புள்ளி. இரண்டு புள்ளிகளும் கேமரா இருந்த கண்மட்டக் கோட்டிலேயே இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதை மறந்து, கதவைச் சுவரில் அப்பிவிட்டார்.

மறுநாள் திருத்திக் கொண்டுவந்தார். இப்போது கதவு அறைக்குள் மடங்கி, உள்ளே வெளிச்சம் தெரிந்தது. அம்மா படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்க் கதவின் ஓரத்தை விரலால் தொட்டாள்.

"கீலை ஏன்டா இந்தப் பக்கம் வச்சே? திறந்தா அவ மெஷின்ல இடிக்குமே. அந்தப் பக்கம் மாத்து."

"அப்போ படமே வேற பக்கம் நின்னு எடுக்கணும்மா. இங்கேருந்து பார்த்தா கதவு மறைஞ்சிடும்..."

"படம் யாருக்குடா வேணும்? சுவத்துலயே கோடு போடு."

சாக்பீஸோடு மூவரும் தெருவில் நின்றார்கள். படத்தில் புள்ளியை நோக்கியே இழுத்த நெடுநாள் பழக்கம், அவர் போட்ட மேல்கோடு ஒரு பக்கம் சரிந்து இறங்கியது. "நேர்கோடாம்!" என்று அம்மா சாக்பீஸைப் பிடுங்கி மருமகளிடம் கொடுத்தாள். "நீ போடு. உன் கடை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்தில் கிடந்த அளவு டேப்பைச் சுவரில் வைத்தாள்.