நாலு மரக்கறிச் சாப்பாடு

காத்தான்குடியில் இர்ஷானாவின் சொந்தத்துக்குள் எந்த விசேஷம் நடந்தாலும், விருந்தாளிகளின் கணக்கு அவள் கைக்குத்தான் போகும். மட்டக்களப்பு டவுனில் அலுவலக வேலை. கணினியில் அட்டவணை போடுவது அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. அண்ணன் அஹமட் காக்காவின் மகன் ஷிஹானுக்குக் கலியாணம் முடிந்து வலீமா விருந்து என்றதும், "நீதான் பார்க்கோணும் தங்கச்சி" என்று காக்கா முழுப் பொறுப்பையும் அவளிடம் விட்டுவிட்டார்.

அட்டவணையை அவள் போனிலேயே வைத்திருந்தாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி. பேருக்குப் பக்கத்தில் பதில்: 'வருகிறார்கள்', 'வரவில்லை', 'பதில் இல்லை'. அதற்கப்பால் மாடு, கோழி, மரக்கறி என்று தலைக்கணக்கு. 'வருகிறார்கள்' என்று குறித்த வரிகளை மட்டும் அட்டவணை தானே கூட்டும். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிட ஒரு சஹன் தட்டு, சஹனுக்கு ஒரு கிலோ அரிசி என்று சமையல்காரர் ஜிப்ரிக்குப் போகவேண்டிய அளவும் அதிலேயே வந்துவிடும். சொல்லாமல் வருகிறவர்களுக்காக மாட்டுக்கும் கோழிக்கும் பத்துக்கு ஒன்று கூடுதலாக வைத்தாள். மரக்கறிக்கு வைக்கவில்லை. அதைக் கேட்டு வருகிறவர்கள் நாலைந்து பேர்தானே என்று நினைத்தாள்.

அந்தப் பட்டியலில் அவள் மனதுக்குள் முதலாவதாக இருந்த பேர் சுலோஜனா. தேற்றாத்தீவுக்காரி. எட்டு வருஷம் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. இரண்டு வருஷத்துக்கு முன் சுலோஜனாவின் மூத்த மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு நடந்தது. இர்ஷானா வீட்டாருக்கென்று சுலோஜனா காத்தான்குடிக் கடையிலேயே சொல்லி, ஹலால் சாப்பாட்டைத் தனியாக எடுப்பித்து வைத்திருந்தாள். வாறன் என்று சொன்ன இர்ஷானா போகவில்லை. கட்டாரில் இருந்து புருஷன் லீவில் வந்த பரபரப்பில், ஒரு போன்கூட எடுக்கவில்லை. பிறகு சுலோஜனாவுக்கு இடமாற்றம் வந்தது. பேச்சும் மெல்ல மெல்லக் குறைந்துபோயிற்று.

அதனால்தான் இந்தமுறை அழைப்பிதழை வீடு தேடிப் போய்க் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து, பஸ்ஸுக்குள் இருக்கும்போது சுலோஜனாவின் போன் வந்தது.

"நாங்க நாலு பேரும் வாறம் புள்ள. ஆனா எங்கட கோயில்ல சடங்கு நடக்கிற நேரம், மச்ச மாமிசம் சேர்க்க மாட்டம். மரக்கறியா இருந்தாச் சரி."

"அதென்ன பெரிய விஷயமா? நான் பார்க்கிறன். நீ வந்தாப் போதும்."

உடனே சுலோஜனாவின் வரியைத் தேடி, மரக்கறிக்குக் கீழே நாலு என்று போட்டாள். அந்தக் கணமே காக்கா போன் எடுத்தார், மண்டபத்துக் கதிரை விஷயமாக. பேசி முடித்து இறங்கியவள், பதில் கட்டத்தை மாற்ற மறந்துபோனாள். நாலு இருந்தது, பக்கத்தில் 'பதில் இல்லை' என்றும் இருந்தது. அட்டவணை அந்த நாலைக் கூட்டவில்லை.

மொத்தத்தைப் படம் எடுத்து அனுப்பிய அன்று ஜிப்ரி கேட்டார்.

"மரக்கறி மூணுதானா தங்கச்சி? டவுன் சைவக் கடையில எடுக்கிறதுதானே, ரெண்டு மூணு கூடச் சொல்லுவமா?"

அந்த மூன்றும் அலுவலகத்து ஆட்களுடையவை. சுலோஜனாவின் வரியில் நாலு கிடப்பதைக் கண்ணால் பார்த்தவள்தான். எல்லாம் கூட்டலில் வந்திருக்கும் என்ற நம்பிக்கையில், "வேணாம் நானா, சொன்னவங்க மட்டும்தான்" என்றாள். மொத்தமே மூன்றென்றால் நாலு எங்கே போயிற்று என்று நினைத்துப் பார்க்கவில்லை.

வலீமா அன்று சுலோஜனா பட்டுச் சேலையில் வந்தாள். புருஷன் உதயரூபன், இரண்டு பெண் பிள்ளைகள். இர்ஷானா ஓடிப் போய்க் கட்டிப்பிடித்து, தனி மேசையில் இருத்தினாள். சாப்பாட்டுக்கு ஆள் அனுப்பினாள். ஜிப்ரியே வந்தார்.

"மரக்கறி மூணும் குடுத்தாச்சே, தங்கச்சி."

அவள் போனைத் திறந்தாள். சுலோஜனாவின் நாலுக்குப் பக்கத்தில் இன்னும் 'பதில் இல்லை' என்றே இருந்தது.

"அரை மணித்தியாலம் இருங்க, டவுனுக்கு ஆள் அனுப்புறன்" என்று கெஞ்சினாள்.

"பின்னேரம் கோயிலுக்குப் போகோணும், தங்கச்சி" என்றார் உதயரூபன், மெதுவாக. இனிப்புக்கு வைத்த வட்டிலாப்பத்திலும் முட்டை. சின்னவள் பக்கத்து மேசைச் சஹனைப் பார்த்துவிட்டுத் தாயைப் பார்த்தாள். நாலு பேரும் சோடா குடித்தார்கள், வாழைப்பழம் தின்றார்கள், மாப்பிள்ளையோடு நின்று படமும் எடுத்தார்கள்.

"நான் பதிலை மாத்த மறந்துட்டன் புள்ள. நீ சொன்னத எழுதினன், அல்லாஹ்வுக்காக நம்பு."

"அதுக்கென்ன, விடு" என்று சுலோஜனா அவள் தோளைத் தட்டினாள். முன்னைய சுலோஜனா என்றால் திட்டியிருப்பாள்.

அடுத்த ஞாயிறு இர்ஷானா தேற்றாத்தீவுக்குப் போனாள். சுலோஜனா கடைக்குப் போயிருந்தாள். அவளுடைய தாய் ஆச்சிப்பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார்.

"கலியாணச் சாப்பாடு நல்லமாம் மகள். எங்கட பிள்ளையளுக்கெண்டு தனியா மரக்கறி வச்சிருந்தாயாமே. வந்த உடனே சுலோஜனா சொன்னவள்."

இர்ஷானா கோப்பையைக் கையில் எடுத்தாள். இல்லை என்று சொன்னால் சுலோஜனா பொய்க்காரியாகிவிடுவாள். ஓம் என்று சொன்னால் அந்தப் பொய்யில் தானும் கூட்டாகிவிடுவாள். தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தபடி, படலை திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.