நின்றுபோன நடைமெஷின்

வெளிநாட்டில் வேலை பார்த்த அவுக, என் வீட்டுக்காரர், அனுப்பிய நடைமெஷின் ஒரு சாரல் காலத்து விடியலில் என் காலடியிலேயே நின்றது. முதலில் வேகம் குறைந்தது. பிறகு முடி கருகுவதைப் போல ஒரு வாடை. முன்பலகையில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்த எண்கள் மறைந்து, ‘E’ என்ற ஒற்றை எழுத்து விட்டுவிட்டு எரிந்தது. பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

என் மாமியார் உள்ளேயிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார்.

“ஏட்டி, வீட்டக் கொளுத்திப் போடப் போறியா? பொம்பள நடக்கதுக்கு மெஷின் வேணுமாக்கும்? அதான் பத்திக்கிட்டு வருது.”

எனக்கு அப்போது முப்பத்துச் சொச்சம் வயது. சர்க்கரை வியாதி. தினமும் வேர்க்க வேர்க்க நட என்று டாக்டர் சொல்லியிருந்தார். தென்காசியில் எங்கள் தெருவில் ஒரு பெண் காரணமில்லாமல் நடந்தால், ஆளுக்கொரு காரணம் கண்டுபிடிப்பார்கள். அதற்குப் பயந்தே அவுக கப்பலில் இந்த மெஷினைப் போட்டு அனுப்பினார். ஆனால் மெஷின் வந்த பிறகும் பேச்சு ஓயவில்லை. முன்னறையில் அது ஓடும் சத்தத்தைக் கேட்டு, என்ன அரைக்கிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

அன்று மத்தியானமே என் கொழுந்தன் டி.வி. ரிப்பேர்க்காரர் ஒருவரை அழைத்து வந்தான். வெளிநாட்டு டேப், டி.வி. எது கெட்டாலும் எங்கள் ஊரில் அவரிடம்தான் போகும். மோட்டாரின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். அங்கே பச்சை நிறத்தில் ஒரு போர்டு. மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று அளந்து கொடுப்பது அதுதான். அதில் ஒரு ஓரம் பழுத்த இலை நிறத்தில் இருந்தது.

“போர்டு போச்சு. இங்கன கிடைக்காது. அண்ணன அங்கேருந்து வாங்கி அனுப்பச் சொல்லுங்க” என்றார்.

“அது வாரதுக்கு வருஷமாயிரும் மைனி. சும்மா வித்துருவோம். செங்கோட்டைல ஒரு ஆளு கேக்கான்” என்றான் கொழுந்தன்.

வாங்க ஆளையும் அதற்குள் பிடித்துவிட்டான் என்பதுதான் எனக்குச் சுருக்கென்றது.

“விக்கதுக்கு இது உன் மெஷினா?” என்று கேட்டேன். மாமியார் முன்னால் நான் அப்படிக் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

போர்டு போனது உறுதிதானா என்று டி.வி.க்காரரை விடாமல் கேட்டேன். அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றி, அங்கே ஒரு குண்டு பல்பை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். பல்பு மங்கலாக எரிந்து, வேகத்தைக் கூட்டியதும் பிரகாசமானது. சில வினாடிகளில் மறுபடி ‘E’ வந்து பல்பு அணைந்தது.

“மோட்டார் சுத்தலன்னு தெரிஞ்சு நிறுத்துது. அப்போ போர்டு வேலை செய்யத்தான் செய்யுது. சூடு மட்டும் பட்டிருக்கு” என்று அவரே சொன்னார். மோட்டாரைப் பார்க்க, குற்றாலம் ரோட்டில் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் அண்ணாச்சியைக் கூட்டி வருவதாகச் சொல்லிப் போனார்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். அண்ணாச்சி மோட்டாரின் பக்கவாட்டு மூடிகளைத் திருகியதும் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கரித்துண்டுகளான கார்பன் பிரஷ்கள் ஸ்பிரிங்கோடு வெளியே வந்தன. ஒன்று பாதி தேய்ந்திருந்தது. மற்றொன்று சுண்டுவிரல் நகமளவுக்குக் குறைந்து, முனை உடைந்திருந்தது. அது உரசும் செம்பு வளையம் கறுத்துப் போயிருந்தது.

“இதாம்மா வாடை. பிரஷ் சரியா ஒட்டாம தீப்பொறி அடிச்சிருக்கு” என்றார். துளையிடும் மெஷினுக்கான பிரஷை அளவாக அரத்தில் ராவி, வளையத்தை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவிலிருந்த கரியைச் சுரண்டி மாட்டினார். சுமையில்லாமல் வெகுநேரம் ஓடவிட்டார். பிரஷ் வளையத்தின் வளைவுக்குப் படிய வேண்டுமாம். மோட்டார் இரைச்சலில்லாமல் ஓடியது. எல்லாருக்கும் திருப்தி. மாமியார்கூட டீ போடச் சொன்னார்.

எனக்கு மட்டும் திருப்தியில்லை. நின்றுபோவதற்குப் பல நாள் முன்பிருந்தே, நான் காலை ஊன்றும்போதெல்லாம் பெல்ட் ஒரு கணம் தயங்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் காலால் தள்ளிப் பார்த்தால், மெஷின் வந்த புதிதில் வழுக்கி ஓடிய பெல்ட், இப்போது பலகையைப் பிடித்துக்கொள்ளும்.

“அண்ணாச்சி, ஆள் ஏறாம ஓடுனா எப்படித் தெரியும்? நான் ஏறுதேன். நீங்க கரண்ட அளந்து பாருங்க.”

“ரெண்டு ஆம்பளைக முன்னாலயா?” என்று மாமியார் எழுந்தே விட்டார்.

“ஆமா மாமி. சர்க்கரை எனக்குத்தான் இருக்கு, இவுக ரெண்டு பேருக்கும் இல்ல.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். காது சுட்டது. ஆனால் இறங்குவதாக இல்லை. அண்ணாச்சி தலையைக் குனிந்து ஆம்பியர் மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் தனியாக ஓடியபோது அசைந்தும் அசையாமலும் இருந்த முள், வெறும் பெல்ட்டோடு ஓடியபோதே மேலே போயிருந்தது. நான் நடக்க நடக்க, மோட்டார் தகட்டில் எழுதியிருந்த அளவைத் தாண்டிப் போனது. மறுபடி அந்த வாடை. மறுபடி ‘E’.

“நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்தினார் அண்ணாச்சி.

பெல்ட்டுக்கு அடியில் கையை நுழைக்க முயன்றேன். வீணைத் தந்திபோல இறுகிக் கிடந்தது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பின்பக்க ரோலரின் போல்ட்களில் புதிதாக ஸ்பேனர் பட்ட தழும்பு. அப்போதுதான் விஷயம் புரிந்தது. பெல்ட் தயங்குகிறது என்று நான் முன்பு ஒருநாள் சொன்னபோது, லூஸாக இருக்கும் என்று கொழுந்தன் போல்ட்டை முறுக்கியிருக்கிறான். உண்மையில் பெல்ட் லூஸில்லை. பலகைமீது இருந்த மெழுகுப் பூச்சு தேய்ந்து காய்ந்ததால் பிடித்திருக்கிறது. இறுக்க இறுக்க மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்து, பிரஷைத் தின்று, போர்டைச் சுட்டிருக்கிறது.

“பிரஷ மட்டும் மாத்திட்டுப் போயிருந்தா மறுபடி கரிஞ்சிருக்கும்” என்றார் அண்ணாச்சி.

“புதுப் போர்டு வந்திருந்தாலும் அதுவும் போயிருக்கும்” என்றார் டி.வி.க்காரர்.

மாமியார் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார். அந்தக் கோபத்திலும் அவர் ஏதோ செய்ய நினைத்தது எனக்கு ஆச்சரியம். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும் என்று அண்ணாச்சி தடுத்தார். மெஷினோடு வந்த மெழுகுக் கட்டி அட்டைப் பெட்டியின் அடியில் பிரிக்காமலே கிடந்தது. போல்ட்களைத் தளர்த்தி, பெல்ட்டைத் தூக்கி, பலகையைத் துடைத்து மெழுகைத் தேய்த்தோம். நடுவில் கைவிட்டுத் தூக்கினால் உள்ளங்கை நுழையும் அளவுக்கு மட்டும் பெல்ட்டை இறுக்கினார்கள்.

மறுபடி ஏறினேன். இந்தத் தடவை மாமியாரே டீ போட உள்ளே போனார். முள் பாதியில் நின்றது. நடந்துகொண்டே இருந்தேன். வேர்த்து வழிந்தது. அவர்கள் டீ குடித்து முடித்த பிறகும் நான் இறங்கவில்லை.

சாயந்திரம் கொழுந்தன் செங்கோட்டை ஆளோடு வந்து நின்றான். “பாத்துட்டுப் போகட்டும் மைனி” என்று இழுத்தான்.

“நல்லாப் பாத்துட்டுப் போகச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, வேகத்தை ஒரு புள்ளி கூட்டினேன்.

அந்தக் காலத்தில் அவுகளுக்கு நான் கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி, லீவு முடிந்து வெளிநாடு திரும்புகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவேன். அந்த வாரம் நடந்துகொண்டே டேப்பை ஓடவிட்டுப் பேசினேன். மூச்சிரைப்பும் மெஷின் சத்தமும் சேர்ந்தே பதிவாகின.

“போர்டு ஒண்ணும் வேண்டாம். மெழுகும், இந்த மோட்டாருக்கே உள்ள பிரஷும் வாங்கி அனுப்புங்க. உங்க தம்பி இனிமே இதத் தொடமாட்டான், ஸ்பேனர என் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்.”